18-க்கு 8: வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தமிழ்ப் பயிற்சித்தாள்

தொடக்கநிலை ஆறில் படிக்கும் ஒரு சிறுமியின் இலக்கணப் பயிற்சித்தாளைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். தாளில் மூன்று பகுதிகள், பகுதிக்கு ஆறு கேள்விகள். முதல் பகுதி காலம், இரண்டாவது வேற்றுமை உருபு, மூன்றாவது சேர்த்து எழுதுதல். 18-க்கு 8 வாங்கியிருந்தாள். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு ஆண்டின் பிற்பகுதியில் இருப்பதால் அவளுடைய அம்மா பதறிப்போய்த் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டார். கூடவே ஒரு குரல்பதிவு: "இவளுக்கு இலக்கணமே வரலை டீச்சர். எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும் போல இருக்கு."

நான் வீட்டில் வைத்துத் தமிழ் டியூஷன் எடுப்பவள். இந்தக் குரல்பதிவு எனக்குப் புதிதில்லை. பத்துப் பிழை என்றதும் பத்து விதி தெரியவில்லை என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தாளில் மூன்றாம் பகுதியின் நான்கு பிழைகளுக்கும் காரணம் ஒன்றேதான். இரண்டாம் பகுதியின் இரண்டு பிழைகளும் ஒரே வழியில் வந்தவை. முதல் பகுதியில்தான் நான்கும் நான்கு விதம். அதில் ஒன்றைப் பிழை என்று சொல்லலாமா என்பதே பேசவேண்டிய விஷயம்.

படம்

முதலில் வந்த படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரவில், சாப்பாட்டு மேசையில், விளக்குக்கு நேர் கீழே எடுத்திருந்தார். கைபேசியின் நிழல் பாதித் தாளை மூடியிருந்தது. சிறுமி எழுதியதோ பென்சிலில். கணக்குத் தாளாக இருந்தால் இந்தப் படமே போதும். தமிழில், அதுவும் சேர்த்தெழுதும் பகுதியில், பல நேரம் விடை என்பதே ஒரு புள்ளிதான். "கடைக்குச் சென்றான்" என்று எழுதியிருக்கிறாளா, "கடைக்குச சென்றான்" என்று எழுதியிருக்கிறாளா என்பது படத்தில் தெரியவில்லை. பள்ளி ஆசிரியர் சரி போட்டிருந்தார். புள்ளி தாளில் இல்லாமல் அவர் கவனிக்காமல் விட்டாரா, இருந்த புள்ளியைப் படம் விழுங்கிவிட்டதா?

இன்னொரு சிக்கல், முதல் பகுதியின் தலைப்பு வரி தாளின் மடிப்பில் போய்விட்டது. "நிகழ்காலத்தில் எழுதுக" என்றிருந்தால் ஒரு விடை சரி. "பொருத்தமான காலத்தில் எழுதுக" என்றிருந்தால் அதே விடை தவறு. கட்டளை வரி தெரியாமல் காலப் பயிற்சியைத் திருத்தவே கூடாது.

மறுநாள் பகலில், சன்னல் பக்கம், தாளைத் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து, பகுதிக்கு ஒரு படமாக எடுக்கச் சொன்னேன். நான்கு ஓரமும் தெரிய வேண்டும். அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' என்று போட்டு அனுப்பச் சொன்னேன். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். சுருக்கும்போது முதலில் காணாமல் போவது பென்சில் புள்ளிகள்தான்.

புதிய படத்தில் புள்ளி இருந்தது, தலைப்பும் தெரிந்தது: "பொருத்தமான காலத்தில் எழுதுக." அதைவிட முக்கியமான ஒரு தடயமும் கிடைத்தது. மூன்றாம் பகுதியில் தவறாகப் போன நான்கு விடைகளிலும் அந்த ஒற்றெழுத்து இரண்டு சொற்களுக்கு நடுவே இடுக்கி எழுதப்பட்டிருந்தது. அதாவது, சிறுமி முதலில் ஒற்று இல்லாமல் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். பிறகு திரும்ப வந்து, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தைச் செருகியிருக்கிறாள். தெரியாமல் செய்கிறவள் இப்படி ஒழுங்காக நான்கு இடத்திலும் செருகமாட்டாள். ஏதோ ஒரு விதியைப் பிடித்துக்கொண்டுதான் செய்திருக்கிறாள்.

சேர்த்து எழுதுதல்: செருகிய ஒற்று

"புத்தகத்தை + கொடுத்தான்", "கடைக்கு + சென்றான்" இரண்டும் சரி. தவறான நான்கு இவை: வந்துப் பார்த்தான், செய்துக் கொடுத்தாள், அம்மாவோடுப் பேசினாள், படித்தப் புத்தகம்.

வகுப்புக்கு வந்தபோது கேட்டேன். "இங்க ஏன்மா 'ப்' போட்டே?"

"அடுத்த வேர்ட் க, ச, த, ப-ல ஆரம்பிச்சா போடணும் டீச்சர்."

இதுதான் அந்த விதி. பாதி விதி. வருகிற சொல் க, ச, த, ப என்ற வல்லினத்தில் தொடங்கினால்தான் ஒற்று மிகும் என்பது உண்மை. ஆனால் மிகுமா மிகாதா என்பதை முடிவு செய்வது முன்னால் நிற்கிற சொல். அந்தப் பாதியை அவள் எங்கோ விட்டுவிட்டாள். இந்தப் பிழை பிள்ளைகளோடு நிற்பதில்லை. "வந்துக் கொண்டிருக்கிறது", "செய்துக் கொள்ளவும்" என்று பெரியவர்கள் அச்சடித்த அறிவிப்புகளிலேயே பார்க்கலாம்.

வலிமிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று நீண்ட பட்டியல்கள் புத்தகங்களில் இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்தால் தேர்வு அறையில் ஒன்றும் நினைவுக்கு வராது. வாய்விட்டுச் சொல்லிப் பார், காதுக்குத் தெரியும் என்று தமிழ்நாட்டில் சொல்வார்கள். நாள் முழுக்கத் தமிழ் காதில் விழுகிற பிள்ளைக்கு அது பலிக்கும். பள்ளியில் மற்ற பாடமெல்லாம் ஆங்கிலத்தில் படித்து, அம்மாவோடும் பாதி ஆங்கிலத்தில் பேசுகிற பிள்ளைக்குக் காது அவ்வளவு உதவாது. அதனால் கண்ணால் பார்த்துச் செய்யும் ஒரு சோதனையைத்தான் நான் சொல்லித் தருகிறேன்.

முன்னால் நிற்கிற சொல் உகரத்தில் முடிந்தால், அந்தக் கடைசி எழுத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார். வல்லின மெய் புள்ளியோடு நின்றால் ஒற்று போடு. படித்து: 'து'வுக்கு முன் 'த்' இருக்கிறது, ஆகவே படித்துப் பார்த்தான். கேட்டு: 'ட்' இருக்கிறது, கேட்டுக் கொண்டான். விற்று: 'ற்' இருக்கிறது, விற்றுக் கொடுத்தான். இதற்கு வன்தொடர்க் குற்றியலுகரம் என்று பெயர். பெயரை மறந்தாலும் பரவாயில்லை.

மெல்லின மெய் நின்றால் போடாதே. வந்து பார்த்தான், கண்டு பேசினான், நின்று கேட்டாள். ய், ர், ல் போன்ற இடையின மெய் நின்றாலும் போடாதே. செய்து கொடுத்தாள். புள்ளி வைத்த எழுத்தே இல்லாமல் உயிரொலியோடு இருந்தாலும் போடாதே. அழுது கொண்டிருந்தான். 'அம்மாவோடு' என்பதும் இந்த வகைதான். 'டு'வுக்கு முன்னால் இருப்பது 'வோ', மெய்யெழுத்து இல்லை. ஆகவே அம்மாவோடு பேசினாள்.

இந்தச் சோதனை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், நான்காம் வேற்றுமையும் தானாக இதற்குள் வந்துவிடுகிறது. கடைக்கு, எனக்கு, வீட்டிற்கு: எல்லாவற்றிலும் 'கு'வுக்கு முன்னால் க் அல்லது ற். அதனால் கடைக்குச் சென்றான், எனக்குத் தெரியும், வீட்டிற்குப் போனான். எண்களும் அப்படியே. ஒன்று முதல் பத்து வரை சொல்லிப் பாருங்கள். எட்டும் பத்தும்தான் வன்தொடர். எட்டுப் பேர், பத்துப் பேர் என்று ஒற்று மிகும். இரண்டு பேர், ஐந்து பேர், ஆறு பேர் என்பதில் மிகாது.

உகரத்தில் முடியாத சொற்களுக்கு இந்தத் தாள் அளவில் மூன்றே விஷயம் போதும். 'ஐ' உருபுக்குப் பின் மிகும். இகரத்திலும் ய் என்ற மெய்யிலும் முடிகிற வினையெச்சத்துக்குப் பின்னும் மிகும்: ஓடிப் போனான், போய்ச் சேர்ந்தான். மூன்றாவது, அகரத்தில் முடிவது. இதில்தான் 'படித்தப் புத்தகம்' விழுந்தது. படித்த, வந்த, செய்த என்பவை பெயரைத் தழுவி நிற்கும் பெயரெச்சங்கள். அவற்றின் பின் மிகாது: படித்த புத்தகம். ஆனால் படிக்க, பார்க்க என்பவை வினையைத் தழுவுகின்றன, அங்கே மிகும்: படிக்கச் சென்றான், பார்க்கப் போனாள். "அடுத்து வர்றது ஒரு பொருளா, ஒரு செயலா?" என்று கேட்டால் அவளே பிரித்துவிடுகிறாள்.

நான்கு பிழைகளும் இங்கே முடிந்தன. முதல் பகுதியிலிருந்து தொடங்காமல் கடைசிப் பகுதியை முதலில் எடுத்தது இதற்காகத்தான்.

வேற்றுமை: சொல்லிப் பழகாத சொற்கள்

இரண்டாம் பகுதியில் வீட்டில், மரத்தை, பேருந்தில், நண்பனுடன் நான்கும் சரி. தவறியவை இரண்டு. "சிங்கப்பூர் ஆறில் படகுகள் செல்கின்றன" என்று ஒன்று. "நான் நூலகம்க்குச் சென்றேன்" என்று இன்னொன்று.

முதலில் கவனிக்கவேண்டியது, இரண்டிலும் உருபு சரி. எங்கே என்ற கேள்விக்கு 'இல்', எங்கே போனாய் என்பதற்கு 'கு'. எந்த உருபு வரும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. உருபை ஒட்டும்போது முன்னால் உள்ள சொல் மாறவேண்டும், அதைத்தான் செய்யவில்லை. திருத்தும்போது வெறும் பெருக்கல் குறி போட்டால் இந்த வேறுபாடு தெரியாது. பாதி மதிப்பெண் கொடுக்கிற வழக்கம் இல்லாத தாள்களில், உருபே தெரியாத பிள்ளையும் ஒட்டத் தெரியாத பிள்ளையும் ஒரே சுழியம் வாங்குகிறார்கள்.

அடுத்த கேள்வி இன்னும் சுவையானது. மரத்தை என்று சரியாக எழுதியவள் நூலகம்க்கு என்று ஏன் எழுதினாள்? இரண்டும் ஒரே விதிதான். 'ம்' போய், 'அத்து' என்ற சாரியை நடுவே வந்து, அதன்பிறகு உருபு சேரும்: மரம், மரத்தை; நூலகம், நூலகத்துக்கு. நூலகத்திற்கு என்றாலும் சரி. விதி தெரியாதவள் என்றால் மரத்திலும் தவறியிருக்க வேண்டும்.

வாய்மொழியாகச் சோதித்தேன். "பணம்?" "பணத்தை, பணத்துக்கு." "படம்?" "படத்துக்கு." "நிலையம்?" சற்று யோசித்துவிட்டு, "நிலையம்க்கு."

சரி, காரணம் பிடிபட்டது. மரம், பணம், படம் எல்லாம் பாட்டியோடு பேசும்போது வாயில் வருகிற சொற்கள். அவற்றின் உருபேற்ற வடிவம் காதால் ஏறிவிட்டது. நூலகமும் நிலையமும் அவளுக்குப் பெயர்ப்பலகையிலும் பாடநூலிலும் மட்டுமே இருக்கின்றன. வீட்டில் "லைப்ரரிக்குப் போறோம்", "ஸ்டேஷனுக்கு வா". ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் 'க்கு' அப்படியே ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தில் லைப்ரரியை எடுத்துவிட்டு நூலகத்தை வைத்திருக்கிறாள். ஒட்டு மட்டும் பழையபடி இருக்கிறது.

இதற்கு விதியை மறுபடி விளக்கினால் பயனில்லை. தெரிந்த சொல்லின் பக்கத்தில் தெரியாத சொல்லை எழுதவைத்தேன். பணத்துக்கு, நூலகத்துக்கு. படத்தில், நிலையத்தில். மரத்தை, பாலத்தை. விமான நிலையம், விளையாட்டரங்கம், சமூக மன்றம் என்று தீவில் அவள் பார்க்கிற பலகைகளையெல்லாம் இதில் சேர்த்துக்கொண்டோம்.

ஆறு கொஞ்சம் வேறு மாதிரி. ஆற்றில் என்று வரவேண்டும். நெட்டெழுத்தை அடுத்தோ, ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்தை அடுத்தோ டு, று வந்து சொல் முடிந்தால், உருபு சேரும்போது ட், ற் இரட்டிக்கும். வீடு, வீட்டில். நாடு, நாட்டை. கிணறு, கிணற்றில். வயிறு, வயிற்றில். ஆங்கிலத்திலிருந்து வந்த ரோடுகூட இந்த வழக்கத்துக்கு வந்துவிட்டது; யாரும் 'ரோடில்' என்று சொல்வதில்லை, ரோட்டில்தான். ஏற்கெனவே மெய்யெழுத்து நின்றால் இரட்டிக்காது: நண்டை, கன்றை. டு, று தவிர மற்றவையும் இரட்டிக்காது: காசை, பஞ்சை.

வீட்டில் என்று சரியாக எழுதியவள் ஆறில் தடுமாறியதற்கு, அவளுக்குத் தெரிந்த ஆறு எண்ணாக இருந்ததுதான் காரணம். நதியை அவள் வீட்டில் 'ரிவர்' என்றுதான் சொல்வார்கள். "நான் தொடக்கநிலை ஆறில் படிக்கிறேன்" என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதுகிறாள், அதில் 'ஆறில்' சரி. எண்ணாக வரும்போது நாம் இரட்டிக்காமல்தான் சொல்கிறோம். ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்கிற பழமொழியில் ஆற்றிலும் என்று போட்டால் யாரோ மூழ்கிப்போன கதையாகிவிடும். இதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். நதிக்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அதோடு மனத்தில் நின்றுவிட்டது.

இன்னொரு உதவி பாட்டியிடமிருந்து வந்தது. பேச்சில் 'த்து' என்று காதில் விழும் இந்த இடங்கள் எழுத்தில் 'ற்று' ஆகும். "வயித்துல வலிக்குது" என்பதை அவள் தினமும் கேட்கிறாள், எழுத்தில் வயிற்றில். ஆத்துல, ஆற்றில். கிணத்துல, கிணற்றில். எல்லா 'த்து'வும் 'ற்று' ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரத்துல என்பது மரத்தில்தான். சொல்லின் தனி வடிவத்தில் 'று' இருந்தால் மட்டுமே இந்த மாற்றம்.

காலம்: நான்கு பிழை, நான்கு கதை

"நேற்று மாலை மழை ______ (பெய்)" என்பதற்கு அவள் எழுதியது 'பெய்ந்தது'. சரியான விடை பெய்தது.

இந்தப் பிழையைக் கண்டதும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காரணமில்லாமல் யாரும் பெய்ந்தது என்று எழுத முடியாது. பேச்சில் "மழை பேஞ்சுது" என்கிறோம். "துணி காஞ்சுது", "மாடு மேஞ்சுது" என்பவற்றை எழுத்துக்குக் கொண்டுவரும்போது காய்ந்தது, மேய்ந்தது என்று வருகிறது. அதே கணக்கில் பேஞ்சுது என்பதைப் பெய்ந்தது ஆக்கியிருக்கிறாள். பேச்சுத்தமிழிலிருந்து எழுத்துத்தமிழுக்கு மாற்ற அவளுக்குத் தெரிகிறது. இந்த ஒரு கிளையில் மட்டும் வழி மாறிவிட்டது. சிங்கப்பூரில் 2005-ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத்தமிழுக்கும் வகுப்பறையில் இடம் கிடைத்தது. அதனால் இந்த மாற்றத்தைப் பிள்ளைகள் அடிக்கடி செய்கிறார்கள். இந்த மாதிரிப் பிழைகளும் அடிக்கடி வருகின்றன.

பிரித்துக் காட்ட எளிய வழி உண்டு. ய் என்று முடியும் வினையில் முன்னெழுத்து நெடிலாக இருந்தால் பெரும்பாலும் 'ந்த்' வரும்: காய்ந்தது, தேய்ந்தது, மேய்ந்தது, பாய்ந்தது, ஓய்ந்தது. குறிலாக இருந்தால் 'த்' மட்டும்: செய்தது, பெய்தது, நெய்தது, கொய்தது. உய்ந்தான் என்பது இதற்கு அடங்காது, ஆனால் தொடக்கப்பள்ளித் தாளில் அது வர வாய்ப்பில்லை. பேச்சில் 'பே' என்று நெடிலாக இழுப்பதால்தான் குழப்பம். எழுத்தில் கேள்வித்தாளே அடைப்புக்குறிக்குள் 'பெய்' என்று குறிலைக் கொடுத்திருக்கிறது. அதைப் பார்த்தாலே போதும்.

"பறவைகள் இப்போது வானத்தில் ______ (பற)" என்பதற்கு 'பறக்கிறது' என்று எழுதியிருந்தாள். பேச்சில் ஒரு பறவையும் பறக்குது, பத்துப் பறவையும் பறக்குது. எழுத்தில் பலவின்பாலுக்கு 'அன' வேண்டும், அந்த 'அன' வரவேண்டுமென்றால் நிகழ்கால இடைநிலை 'கின்று' ஆக இருக்க வேண்டும். பறக்கின்றன. 'பறக்கிறன' என்று ஒரு சொல் கிடையாது. இதில் விளக்க அதிகமில்லை. எழுவாயில் 'கள்' இருந்தால் அடிக்கோடிடு என்றேன், அவ்வளவுதான்.

மூன்றாவது, "ரயில் இன்னும் சற்று நேரத்தில் ______ (வா)." அவள் எழுதியது 'வருவது'. வீட்டில் "ட்ரெயின் வரும்" என்றுதான் சொல்வாள். பிறகு ஏன்? வருவேன், வருவாய், வருவான், வருவாள், வருவார் என்று மனப்பாடம் செய்த வரிசையில் அடுத்தது வருவது என்று ஊகித்திருக்கிறாள். வந்தான், வந்தது, வருகிறான், வருகிறது, அப்படியென்றால் வருவான், வருவது. தர்க்கம் குறையில்லை, மொழிதான் அங்கே வேறு பாதையில் போகிறது. அஃறிணைக்கு எதிர்காலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் 'உம்' ஒன்றே: ரயில் வரும், ரயில்கள் வரும். வருவது என்பது தொழிற்பெயராக நிற்கும்: "ரயில் வருவது தெரிகிறது." இதைக் கண்டுபிடிக்க, சொல்லுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்துப் படிக்கச் சொன்னேன். "ரயில் வருவது." என்று படித்துவிட்டு, "முடியலை டீச்சர்" என்றாள். அவள் காது இந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்தது.

நான்காவதுதான் வம்பு. "அப்பா நாளை சென்னைக்குச் ______ (செல்)." அவள் எழுதியது 'செல்கிறார்'. ஆசிரியர் தவறு போட்டு, செல்வார் என்று திருத்தியிருந்தார். அம்மாவுக்குக் கோபம். "நாளைக்கு ஊருக்குப் போறார்னுதானே டீச்சர் எல்லாரும் சொல்றோம்? பள்ளிக்கூடத்துல கேட்கப்போறேன்."

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. உறுதியான எதிர்காலச் செயலை நிகழ்காலத்தில் சொல்வது தமிழில் இயல்பு. செய்தித்தாளிலும் "அமைச்சர் நாளை திறந்துவைக்கிறார்" என்று எழுதுகிறார்கள். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் காலம் மாறி வரலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. சாப்பிட அழைத்தால், எழுந்திருக்காமலே "இதோ வந்துவிட்டேன்" என்கிறோமே, அது விரைவு. நாளை செல்கிறார் என்பதைத் தெளிவு என்ற கணக்கில் வைக்கலாம்.

ஆனாலும் பள்ளியில் போய்க் கேட்க வேண்டாம் என்றேன். நேற்று, இன்று, நாளை என்ற குறிப்புச் சொல்லைப் பார்த்துக் காலத்தை எழுதுகிறாளா என்பதைத்தான் இந்தக் கேள்வி சோதிக்கிறது. அந்தச் சோதனைக்கு விடை செல்வார். கட்டுரையில் "நாளை செல்கிறார்" என்று எழுதினால் நான் வெட்டமாட்டேன். கோடிட்ட இடத்தில் எழுதினால் வெட்டுவேன். அம்மாவுக்கு இது முழுத் திருப்தியில்லை. எனக்கும், தாள் தயாரித்தவர் "எதிர்காலத்தில் எழுதுக" என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த தாள்

சில வாரம் கழித்து இன்னொரு பயிற்சித்தாள் படமாக வந்தது. சன்னலோரம் எடுத்த தெளிவான படம். வினையெச்சங்களுக்குப் பின் வரும் ஒற்றில் பிழையே இல்லை. ஆற்றில், கிணற்றில், நிலையத்துக்கு எல்லாம் சரி. மேகங்கள் 'கலைந்தது' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தாள். அந்த 'கள்' இன்னும் கண்ணில் படவில்லை.

புதிதாக ஒரு பிழை முளைத்திருந்தது. "மருந்து + கடை" என்பதற்கு 'மருந்து கடை' என்று ஒற்றில்லாமல் எழுதியிருந்தாள். பக்கத்தில் சின்னதாக 'ந்' என்று எழுதி வட்டமிட்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த சோதனையை அப்படியே போட்டுப் பார்த்திருக்கிறாள். மெல்லின மெய் நிற்கிறது, ஆகவே மிகாது.

அந்தச் சோதனையின் எல்லை இதுதான். வினையெச்சத்துக்கும் உருபுக்கும் எண்ணுக்கும் அது சரியாக வரும். இரண்டு பெயர்கள் சேர்ந்து ஒரு பொருளுக்குப் பெயராகும்போது மென்தொடரிலும் ஒற்று மிகும். மருந்துக்கடை, கன்றுக்குட்டி, பாம்புத்தோல், குரங்குக்குட்டி. வந்து என்பது ஒரு செயல், மருந்து என்பது ஒரு பொருள். முன்சொல் எது என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் சோதனைக்குப் போக வேண்டும். ஆறு, மாடு போன்றவை இப்படிப் பெயரோடு சேரும்போது முதலில் ஆற்று, மாட்டு என்று மாறிக்கொண்டு, பிறகு ஒற்றை ஏற்கின்றன: ஆற்றுப்படுகை, மாட்டுக்கொட்டகை. அவள் ஏற்கெனவே கற்ற இரட்டிப்புதான், இங்கே உருபு இல்லாமலே வருகிறது.

'வெற்றிலை பாக்கு' போல இரண்டு பொருளை அடுக்கிச் சொல்லும்போது மிகாது என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. ஒரு விதியின் ஓரத்தில் கால் வைத்திருக்கும்போது அடுத்ததைக் கொடுத்தால் இரண்டும் கலங்கும். இந்த வாரத்துக்கு, லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போகும்போது கடைப் பலகைகளில் இருக்கும் தமிழ்ப் பெயர்களைப் படமெடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். காப்பிக்கடை, நகைக்கடை, துணிக்கடை, பூக்கடை என்று எது கிடைத்தாலும் சரி. ஒற்று விட்டுப்போன பலகை அதில் இருந்தால் அதை அவளே திருத்தட்டும்.